ப்ராஜெக்ட் கடைசியில் ஒரே பஃபர்: கணக்கும் கண்காணிப்பும்

கேள்வி: ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனித்தனியா ரெண்டு மூணு நாள் கூட்டிப் போடாம, கடைசியில மொத்தமா ஒரு பஃபர் வெச்சா போதும்னு சொல்றாங்க. அது எத்தனை நாள்? நடுவுல ஒருத்தர் லேட் பண்ணா என்ன செய்யறது?

முதலில் ஒவ்வொருவரிடமும் இரண்டு எண் கேளுங்கள்: நிச்சயமாக முடியும் என்று சொல்லும் நாள், முடிய பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நாள். சொன்னதை நீங்களே பாதியாக வெட்டாதீர்கள். ஒருமுறை வெட்டினால், அடுத்த முறை 8 நாள் வேலைக்கு 16 என்றுதான் சொல்வார்கள்.

ஒரு பில்லிங் ஆப்பை எடுத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஐந்து வேலைகள். பத்திரமான மதிப்பீட்டில் தேவை உறுதி செய்ய 4 நாள், டிசைனுக்கு 8, கோடிங்குக்கு 12, டெஸ்டிங்குக்கு 10, நிறுவ 6: மொத்தம் 40. பாதி வாய்ப்பு மதிப்பீடு 2, 4, 6, 5, 3 என்று வந்தால் மொத்தம் 20. இந்த 20-இல் பாதியை, அதாவது 10 நாளைக் கடைசியில் வையுங்கள். கஸ்டமரிடம் சொல்ல வேண்டியது 30-ஆம் நாள் மட்டும்.

சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு வேலையிலும் நீக்கிய நாள்களை வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்:

```
√(2² + 4² + 6² + 5² + 3²) = √90 ≈ 9.5
```

ஐந்தும் ஒரே நேரத்தில் சொதப்பாது என்பதால்தான் 20 நாள் காப்பு 10-ஆகச் சுருங்குகிறது. ஆனால் எல்லா வேலையும் ஒரே ஆளையோ ஒரே வெளி நிறுவனத்தையோ நம்பியிருந்தால், ஒரு தாமதம் எல்லாவற்றையும் இழுக்கும். அங்கே இந்த வர்க்கமூலக் கணக்கை நம்ப வேண்டாம்.

இனி, யாராவது தாமதித்தால். "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று கேட்டால் எப்போதும் 90 என்றுதான் பதில் வரும், "இன்னும் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். 13-ஆம் நாள் முடிவில், கோடிங் செய்பவர் தன் வேலைக்கு இன்னும் 4 நாள் என்கிறார் என்று வையுங்கள். டெஸ்டிங் 5, நிறுவல் 3 சேர்த்தால் மிச்சம் 12. 13-உம் 12-உம் 25, திட்டம் 20. ஆக பஃபரில் 5 நாள், பாதி போய்விட்டது. வேலையோ, 20 நாளில் மிச்சம் 12 என்பதால், 40 சதவீதம்தான் முடிந்திருக்கிறது. இது மஞ்சள் நிலை: மாற்று வழியை யோசித்து வையுங்கள், அவரைத் துரத்த வேண்டாம். அதே நாளில் அவர் 7 என்று சொன்னால், மிச்சம் 15 ஆகிவிடும்; பஃபரில் 8 காலி, வேலை 25 சதவீதம்தான். அப்போது உடனே ஆள் சேர்க்கவோ அம்சங்களைக் குறைக்கவோ வேண்டும்.

இது பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, 4 நாள் டிசைனை 3 நாளில் முடித்தவர் மிச்ச நாளை மெருகேற்றவே செலவிடுவார். தனி வேலைகளுக்குக் கெடு தேதி கொடுத்தால் இதுதான் நடக்கும். முடிந்த அன்றே அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். அதற்கு, அந்த அடுத்தவருக்கு 2 நாள் முன்பே தகவல் சொல்லி வையுங்கள். மற்றொன்று, "சும்மா கிடக்கும் 10 நாள்" என்று மேலதிகாரி பஃபரை வெட்டுவது. 40 நாள் ஏற்கெனவே 30 ஆகியிருப்பதை அட்டவணையோடு அவரிடம் காட்டுங்கள். அப்படியும் வெட்டினால், பழையபடி ஒவ்வொருவரும் தன் வேலைக்குள்ளேயே நாளை ஒளித்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.