நாய்க்கும் கொட்டாவி தொற்றுமா?

"மதியம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்தால் மாமியார் கொட்டாவி விடுவார். உடனே எனக்கு, அடுத்து கணவருக்கு. மூன்று வயது மகள் மட்டும் தன் பாட்டுக்கு விளையாடுவாள். இப்போது எங்கள் நாய் மணியும் சேர்ந்துகொள்கிறது. காற்றோட்டம் இல்லாததால்தான் என்கிறார் கணவர். அப்படியா?"
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

காற்றின் மேல் பழி போட வேண்டாம். அமெரிக்காவில் ராபர்ட் புரொவைன் என்ற உளவியல் பேராசிரியர் 1987-இல் மாணவர்களுக்குச் சுத்தமான ஆக்சிஜனையும், கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். கரியமில வாயு கூடியபோது மூச்சு வேகமானது. கொட்டாவி கூடவுமில்லை, ஆக்சிஜனால் குறையவுமில்லை.

உங்கள் வீட்டில் பரவுவது கண், காது வழியாக. அடுத்தவர் முகத்தைக் கவனித்ததும் நம் மூளை அதே அசைவுக்குத் தயாராகிவிடுகிறது. சத்தம் கேட்டாலே போதும், இதைப் படிக்கும்போதுகூட உங்களுக்கு வரலாம். உங்கள் மகளுக்கு வராததும் இயல்புதான். நான்கைந்து வயதுக்குப் பிறகுதான் குழந்தைகளுக்கு இது நன்றாகத் தொற்ற ஆரம்பிக்கும்.

சரி, மணி விஷயத்துக்கு வருவோம். 2008-இல் லண்டனில் 29 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நாயின் எதிரே உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது கண்ணைப் பார்த்ததும் சத்தத்தோடு கொட்டாவி விட்டார். 21 நாய்கள் திருப்பிக் கொட்டாவி விட்டன. அதே ஆள் வாயை மட்டும் சும்மா திறந்து மூடியபோது ஒன்றுகூட விடவில்லை. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம் என்பேன். அது இல்லையென்றால் தற்செயல் என்று தள்ளிவிடலாம்.

ஆனால் நாய் பதற்றத்திலும் கொட்டாவி விடும். அதனால் 2013-இல் டோக்கியோவில் இதயத் துடிப்பையும் சேர்த்து அளந்தார்கள். துடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆக பயத்தால் வந்த கொட்டாவி அல்ல. வளர்ப்பவரின் கொட்டாவிதான் அதிகம் தொற்றுகிறது என்றும் அதில் தெரிந்தது. ஆனால் 2020-இல் பல சோதனைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, தொற்றுவது உறுதியானது, வளர்ப்பவர் என்ற வித்தியாசம் நிற்கவில்லை. அதனால் மணிக்கு வரவில்லை என்றால் பாசம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். மணி ஏழு மாதம் தாண்டியிருக்க வேண்டும். குட்டிகளுக்கு அவ்வளவாகத் தொற்றாது. தூங்கி எழுந்த நேரம் வேண்டாம், அப்போது அதுவாகவே விடும். எதிரே உட்கார்ந்து, அது உங்களைப் பார்க்கும்போதெல்லாம் சத்தமாகக் கொட்டாவி விடுங்கள், ஐந்து நிமிடம். மறுநாள் அதே நேரம், சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடுங்கள். இரண்டு நாளும் ஒரே அளவு விட்டால் அது தொற்று இல்லை. இப்படிச் சில நாள் மாற்றி மாற்றிச் செய்தால்தான் நம்பலாம்.

நடுவில் காதைப் பின்னால் மடித்து, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாவி விட்டால், நீங்கள் உற்றுப் பார்ப்பது அதற்குப் பிடிக்கவில்லை. அப்போது சோதனையை விட்டுவிட்டு அதை எழுந்து போக விடுங்கள்.