திருப்பத்தில் கோட்டைத் தாண்டிப் பாயும் ரோபோ

கேள்வி: தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் என் ரோபோ நேர்க்கோட்டில் நன்றாக ஓடுகிறது. திருப்பத்தில் மட்டும் கோட்டைத் தாண்டிப் பாய்கிறது. வேகத்தைக் குறைத்தால் போதுமா?

போதாது. வேகத்தில் கை வைப்பது கடைசி வேலை.

உங்கள் சென்சார்கள் கறுப்பா, வெள்ளையா என்று மட்டும் சொல்கின்றன என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கோடு சற்று விலகினாலும் முழுதாக விலகினாலும் ரோபோ ஒரே அளவுதான் திரும்பும். அனலாக் மதிப்பைப் படித்து, வெள்ளைக்கு 0, கறுப்புக்கு 1000 என்று அளவீடு செய்துகொள்ளுங்கள். ஐந்து சென்சார்களுக்கும் இடமிருந்து −2, −1, 0, 1, 2 என்று எடை கொடுத்து, எடையிட்ட சராசரியை எடுங்கள். வலப்பக்கக் கடைசி சென்சார் 900, அதற்கு முந்தையது 300, மற்றவை 0 என்றால் விலகல் (1800+300)/1200, அதாவது 1.75. இதுதான் கீழே உள்ள e. pe என்பது முந்தைய சுற்றின் e; L, R இட, வலச் சக்கரங்களின் வேகம்; base நேராக ஓடும்போது உள்ள வேகம்; Kp, Kd நீங்கள் சோதித்துப் பிடிக்க வேண்டிய பெருக்கெண்கள்.

```
d = Kp*e + Kd*(e - pe);
L = base + d;
R = base - d;
pe = e;
```

base 120, Kp 80 என்று வையுங்கள். விலகல் மாறாமல் 1.75-இலேயே நின்றால் d 140. வலச் சக்கரத்துக்கு −20 வரும். பலர் இதை 0 என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள், உள்பக்கச் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால்தான் கூர்மையான திருப்பத்தில் வண்டி மடங்கும். மேல்வரம்பு 255-ஐ மட்டும் மீறாமல் பாருங்கள். எல்லா சென்சாரும் வெள்ளையைக் கண்டால், pe எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே திரும்பச் சொல்லுங்கள்.

நான் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவர் குழு இவ்வளவும் சரியாகச் செய்தும் அவர்கள் வண்டி பாய்ந்தது. நிரலைப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து சென்சார் மதிப்புகளையும் Serial.print அச்சிட்டுக்கொண்டிருந்தது. 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். சுற்றுக்கு 25 எழுத்துகள் என்றால் ஏறத்தாழ 26 மில்லிநொடி காத்திருப்பு. நொடிக்கு அரை மீட்டர் ஓடும் வண்டி அதற்குள் 1.3 செ.மீ. குருடாக ஓடிவிடும். அந்த வரியை நீக்கியதும், வேகத்தைத் தொடாமலே வண்டி திருப்பத்தில் கோட்டை விடாமல் ஓடியது.

இதன்பின் Kd-ஐ 0 ஆக்கிவிட்டு, நேர்க்கோட்டில் வண்டி ஆடத் தொடங்கும் வரை Kp-ஐ உயர்த்துங்கள். ஆட்டம் அடங்கும் வரை Kd-ஐக் கூட்டுங்கள். அதற்குப் பிறகே base-ஐ ஏற்றுங்கள். முழுதாக மின்னேற்றிய பேட்டரியில் சோதியுங்கள்; தளர்ந்த பேட்டரியில் பிடித்த எண்கள் புது மின்னேற்றத்தில் பாயும்.

விலையுயர்ந்த சென்சார் வாங்கினால் இதெல்லாம் தேவையில்லை என்று யாராவது எழுதுவார்கள். நல்ல சென்சார் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தாமதமாகப் படித்தால் அதற்கும் இதே கதிதான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். போட்டி நடத்துகிறவர்கள் பளபளக்கும் ஃபிளெக்ஸில் பாதையை அச்சிடுகிறார்கள். விளக்கொளி பட்ட இடத்தில் கறுப்பும் பளிச்சென்று எதிரொளிக்க, சென்சார் அதை வெள்ளை என்று படிக்கிறது. மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைகள் அங்கே தோற்கிறார்கள். மங்கலான பரப்பில் அச்சிட எவ்வளவு கூடுதல் செலவாகிவிடும்?