65 எங்கே போனது?

“அண்ணா, பைனரி சேர்ச் ட்ரீயில் 50-ஐ நீக்கும் கேள்வி. வேரில் 60 சரியாகத்தான் வந்தது. பிறகு ஏன் 10-க்கு 4 புள்ளி?”

தம்பி, 60-ஐத் தெரிவுசெய்தது சரி. 50-க்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதால் வலப்பக்க மரத்தின் மிகச் சிறிய எண்தான் அந்த இடத்துக்கு வரவேண்டும். பிழை அதற்குப் பிறகு.

வினாத்தாளில் உள்ள மரத்தைத் திரும்பக் கீறிப் பாரும். வேர் 50, அதன் இடப்பக்கம் 30, வலப்பக்கம் 70. 70-இன் இடப்பக்கம் 60, வலப்பக்கம் 80. அந்த 60-இன் வலப்பக்கம் 65. நீர் 60-ஐ வேரில் எழுதிவிட்டு இப்படி முடித்திருக்கிறீர்:

```
p->left = NULL;
```

இங்கே p என்பது 70. இந்த வரியோடு 65-ஐப் பிடித்திருந்த ஒரே கயிறும் அறுந்துபோனது. மிகச் சிறிய கணுவுக்கு இடப்பிள்ளை இராது, ஆனால் வலப்பிள்ளை இருக்கலாம். அதைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும்:

```
p->left = s->right;
```

s என்பது 60. வலப்பிள்ளை இல்லாவிட்டால் தானாகவே NULL வந்துவிடும், தனியாகச் சோதிக்கத் தேவையில்லை.

இன்னொன்று. 70-க்கு இடப்பிள்ளையே இல்லையென்றால் s = 70, p = வேர். அப்போது இடப்பக்கத்தைத் தொட்டால் 30 போய்விடும்; `p->right = s->right` என்றுதான் எழுதவேண்டும். இதிலேதான் நானும் போன வருஷம் புள்ளியை விட்டேன்.

நீக்கின பிறகு இன்ஓடரில் வாசித்துப் பாரும். 30, 60, 65, 70, 80 வரவேண்டும். உம்முடைய விடையில் நான்கு எண்தான் வரும்.