குரல் கம்மி ஒரு மாதமாகிறதா? மாத்திரைக்கு முன்னால் குரல்வளையைப் பாருங்கள்

கேள்வி: அண்ணனுக்கு 54 வயது. குரல் கம்மிப் போய்ப் பத்து வாரமாகிறது. வலி, காய்ச்சல் எதுவும் இல்லை. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், அப்புறம் ஒரு மாதம் வயிற்று அமிலத்துக்கு மாத்திரை. இன்னும் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம் டாக்டர்?

இனிமேல் பொறுக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையை உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சளி பிடித்தோ கத்தியோ தொண்டை கட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும், மிஞ்சிப் போனால் மூன்று. அதில் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம் என்பதால் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல் 2009-இல் மூன்று மாதம் வரை பொறுக்கலாம் என்று சொன்னது, 2018-இல் அதையே நான்கு வாரமாகக் குறைத்துவிட்டார்கள். புகை பிடிப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், மூச்சு விடும்போது சத்தம் வருபவர், சளியில் ரத்தம் பார்த்தவர், விழுங்கச் சிரமப்படுபவர், இவர்களுக்கெல்லாம் அந்த நான்கு வாரக் கணக்கும் கிடையாது, உடனே பார்க்க வேண்டும். மூச்சு விடவே கஷ்டமாக இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி இல்லை என்பதை எல்லோரும் நல்ல செய்தியாகச் சொல்கிறார்கள். குரல் நாணில் வரும் ஆரம்பக்கட்டப் புற்றுநோய் வலிப்பதில்லை, குரலை மட்டும்தான் மாற்றும். குரல்வளைக்குள் இருக்கும் இந்த இரண்டு நாண்களும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான். பேசும்போது ஆணுக்கு நொடிக்கு நூறு தடவையும் பெண்ணுக்கு இருநூறு தடவையும் போல அதிர்கின்றன, அதனால் விளிம்பில் ஒரு சிறு தடிப்பு வந்தாலும் அன்றைக்கே குரலில் தெரியும். இன்னொரு பக்கம், நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு, கழுத்துக்குச் சீக்கிரம் பரவாது. ஆக நோய் தானே முன்கூட்டி வந்து சொல்லிவிடுகிறது, நாம்தான் கஷாயமும் மாத்திரையுமாக நாளைக் கடத்துகிறோம்.

என்னிடம் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒருவர் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர், புகைப் பழக்கம் உண்டு, குரல் கட்டி மூன்று மாதம். கேமராவை விட்டு "ஈ" சொல்லச் சொன்னேன். இடது நாண் முத்து மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக வந்து நடுவில் நின்றது. வலது நாணும் நன்றாக அசைந்தது, ஆனால் அதன் முன்பாதியில் சொரசொரப்பான ஒரு தடிப்பு, அந்த இடத்தில் மட்டும் இரண்டும் சரியாக மூடவில்லை. மயக்க மருந்து கொடுத்து நுண்ணோக்கி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய்தான், முதல் கட்டம். லேசரில் எடுக்கலாம், அல்லது ஐந்து ஆறு வாரம் கதிர்வீச்சு, அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இந்தக் கட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் போலக் குணமாகிறார்கள், குரல்வளையும் தப்பிக்கிறது. நாண் அசையாமல் இறுகிப் போன பிறகு வந்திருந்தால் சிகிச்சை இவ்வளவு சுருக்கமாக முடிந்திருக்காது, சிலருக்குக் குரல்வளையையே எடுக்க வேண்டிவருகிறது.

உங்கள் அண்ணனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. சாதாரணப் பாலிப்பாக, அதாவது புற்றுநோய் இல்லாத சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். குரலைக் காதால் கேட்டு எது என்று என்னாலும் சொல்ல முடியாது, அதற்குத்தான் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம், அவருக்குப் புகைப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவே இல்லையே?

கேள்வி: அந்தக் கேமரா பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுப்பார்களா? எனக்குப் பல் தேய்க்கும்போதே குமட்டும், நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்வது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தையும் மூக்கடைப்பை எடுக்கும் மருந்தையும் அடிப்பார்கள், தொண்டையில் கசப்பாக இறங்கும். ஏதோ அடைத்த மாதிரி இருக்கும், அது மரப்புதான், பயப்படாதீர்கள். சில நிமிடம் கழித்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாய் மூக்கு வழியாகப் போகும். வாய் வழியாக வராததால் உங்களை மாதிரிக் குமட்டுபவர்களுக்கு இதுதான் சௌகரியம். மூக்கின் பின்பக்கம் திரும்பும்போது ஒரு அழுத்தம் தெரியும், கண்ணில் தண்ணீர் வரும். அப்புறம் "ஈ" சொல்லுங்கள், மூக்கை உறிஞ்சுங்கள், இருமுங்கள் என்பார்கள், நாண் மூடுவதையும் திறப்பதையும் அதில்தான் பார்க்கிறோம். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மரப்பு போகும் வரை, சுமார் ஒரு மணி நேரம், எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, புரையேறும்.

கேள்வி: எனக்குப் போன மாதம்தான் வயிற்று எண்டோஸ்கோபி செய்தார்கள், தொண்டை வழியாகத்தானே போனது, எல்லாம் நார்மல் என்று எழுதியிருக்கிறது. குரல் கரகரப்பு நெஞ்செரிச்சலால் வருவதுதான், எனக்கும் அதுதான். மறுபடி எதற்கு இன்னொரு குழாய்?

பாதி சரி. அமிலம் மேலே வந்து குரலைக் கெடுப்பது உண்டு. ஆனால் எவ்வளவு பேருக்கு அதுதான் நிஜக் காரணம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. குரல்வளை லேசாகச் சிவந்திருந்தாலே சிலர் அமிலம் என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. குரல் கம்மல் மட்டும் இருக்கிறவருக்கு உள்ளே பார்க்காமல் அமில மாத்திரை கொடுக்காதீர்கள் என்றுதான் அந்த வழிகாட்டுதலும் சொல்கிறது.

வயிற்றுக்குப் போகும் குழாய் குரல்வளையின் பின்னால் நழுவி உணவுக்குழாயில் இறங்கிவிடும். செய்பவரின் கவனம் இரைப்பையில், நீங்களோ அரைத்தூக்கத்தில். நாண் அசைகிறதா என்று பார்க்க நீங்கள் விழித்திருந்து குரல் கொடுக்க வேண்டும். சிலர் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்து எழுதுவார்கள், ஆனால் உங்கள் அறிக்கையில் குரல் நாண் என்ற வார்த்தையே இல்லாவிட்டால் அதை யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கும் இதே பதில்தான். நாணின் மேல்தோலில் இருக்கும் சின்ன மாற்றம் ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

கேள்வி: என் கதை வேறு. குரல் கரகரப்பு இல்லை, காற்றுப் போகிற மாதிரி மெலிந்துவிட்டது. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. ஆறு வாரமாகிறது. எந்த ஆபரேஷனும் செய்துகொண்டதில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரு பக்க நாண் அசையாமல் நிற்கிறதோ என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்லக் கேமரா வேண்டும், சீக்கிரம் போங்கள். நாணை அசைக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. இடப்பக்க நரம்பு கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் கோளாறு தைராய்டில் இருக்கலாம், நுரையீரலில் இருக்கலாம், நெஞ்சில் வீங்கிய நிணநீர்க் கட்டியிலோ ரத்தக்குழாயிலோகூட இருக்கலாம், குரல் ஒன்றுதான் வெளியே தெரியும். தைராய்டு, கழுத்து, இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இப்படி வரும், ஆனால் உங்களுக்கு அது இல்லை என்கிறீர்கள். நாண் அசையவில்லை என்று கண்ணால் பார்த்தபின், மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை நரம்பு போகும் பாதை முழுவதற்கும் ஸ்கேன் எடுப்போம். எல்லாம் தேடியும் காரணம் கிடைக்காமல் போகிறவர்களும் உண்டு, அதில் சிலருக்குச் சில மாதங்களில் அசைவு தானே திரும்பும். அதுவரை சிறு சிறு மிடறாக, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக் குடித்துப் பாருங்கள், பலருக்குப் புரையேறுவது குறைகிறது.

கேள்வி: என் பையனுக்கு 14 வயது, மூன்று மாதமாகக் குரல் ஒரு மாதிரி உடைந்து உடைந்து வருகிறது. அவனுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

நான் எழுதியது பெரியவர்களைப் பற்றி அம்மா. அந்த வயதுப் பையனுக்குக் குரல் உடையத்தான் செய்யும். மூச்சுத் திணறலோ விழுங்கச் சிரமமோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: நான் பேச்சுப் பயிற்சியாளர். நாணில் ஒன்றுமே இல்லாமல் கழுத்துத் தசையை இறுக்கிப் பேசியே குரலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் எவ்வளவோ பேர், குறிப்பாக ஆசிரியர்கள். கேமராவுக்கு நாள் கிடைக்கும் வரை பயிற்சியைத் தொடங்கினால் என்ன தவறு? நீங்கள் எழுதுவதைப் படித்து எல்லோரும் பயந்து போய் வருகிறார்கள்.

நீங்கள் சொல்கிறவர்கள் நிஜம்தான். நாண் முடிச்சுக்கும் பயிற்சிதான் முதல் சிகிச்சை, அறுவை இல்லை. கத்தாமல் பேசுவது, கிசுகிசுப்பாகவும் பேசாமல் இருப்பது, தொண்டையை அடிக்கடி செருமாமல் இருப்பது, தண்ணீர் குடிப்பது, இதையெல்லாம் இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள், யாரும் தடுக்கவில்லை. முறையான பயிற்சியை, கேமராவில் நாணைப் பார்த்த பிறகு ஆரம்பிக்கலாம் என்பதுதான் என் வாதம். பயிற்சியால் குரல் கொஞ்சம் தெளிந்தால் நோயாளி கேமராவுக்குப் போகவே மாட்டார். இறுக்கமும் ஒரு தடிப்பும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு, உள்ளே இருப்பதைச் சமாளிக்கத்தான் பலர் தசையை இறுக்குகிறார்கள். நாள் கிடைக்க ரொம்பத் தாமதமாகும் இடத்தில் என்ன செய்வது என்பதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். அண்ணன் இருபது வருடம் புகைத்தவர், இரண்டு வருடம் முன்னால் விட்டார். தொண்டையை ஏற்கெனவே ஒரு மருத்துவர் கண்ணாடி வைத்துப் பார்த்தாராம், குமட்டியதால் சரியாகத் தெரியவில்லை, சிவந்திருக்கிறது என்றாராம். அதுவே போதாதா? நாளைக்குப் போகிறோம், என்ன எடுத்துப் போக வேண்டும்?

போதாது. புகையை விட்டது நல்லது, ஆனால் இருபது வருடக் கணக்கு இரண்டே வருடத்தில் அழிந்துவிடாது. கண்ணாடியில் இரண்டு நாணும் முன்முனை வரை தெரிந்தால் அது பரிசோதனைதான், குமட்டி ஓரம் மட்டும் தெரிந்தால் பார்க்காததற்குச் சமம். நாளைக்குப் பார்ப்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இரண்டு நாணும் முழுதாகத் தெரிந்ததா, இரண்டும் அசைகின்றனவா, விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா. வீடியோ பதிவு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.

இதுவரை சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகளையும், மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் உறிஞ்சுகிறார் என்றால் அதையும் எடுத்துப் போங்கள், சில இன்ஹேலர்களில் உள்ள ஸ்டீராய்டாலும் குரல் கம்மும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் அனுப்பிய குரல் செய்தி ஏதாவது போனில் இருக்கும், தேடி வையுங்கள். பழைய குரல் எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது, அதைக் கேட்டால் மாற்றம் எவ்வளவு என்று புரியும்.