பென்ஷனுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

கேள்வி: எனக்கு 35 வயசு. மதுரையில ஒரு ஜவுளிக்கடையில வேலை, மாசம் 10,000 சம்பளம். வீட்டுக்காரர் சொந்த ஆட்டோ ஓட்டுறார். எல்லாச் செலவும் போக 13,000 வீட்டுக்குத் தருவார். ரெண்டு பிள்ளைங்க படிக்கிறாங்க. வாடகை 5,000, ஆட்டோ டியூ 4,800. போன வருஷம் வாங்கின 20,000 கடனுக்கு மூணு வட்டி கட்டிட்டு வர்றோம். எப்படியோ இழுத்துப் பிடிச்சா மாசம் 2,000 மிஞ்சும். பேங்க்ல அடல் பென்ஷன்ல சேரச் சொல்றாங்க. சேரலாமா, இல்ல வேற ஏதாவது முதல்ல செய்யணுமா?

பதில்: சேரலாம். ஆனால் இப்போது வேண்டாம், ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்துச் சேருங்கள். அடல் பென்ஷன் நல்ல திட்டம்தான். உங்கள் வயதில் மாதம் 902 ரூபாய் கட்டினால் 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 வரும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பணம் 60 வயது வரை உங்கள் கைக்கு எட்டாது. நடுவில் அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வழியில்லை. மொத்தமாக வெளியேறினால் கட்டிய பணமும் அதில் சேர்ந்த வருமானமும், கணக்குக் கட்டணம் போக, திரும்பி வரும். அத்தோடு பென்ஷன் இல்லை. அடுத்த மாதமே ஆட்டோ இன்ஜின் வேலை வைத்தால் நீங்கள் மறுபடி மூணு வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் கைக்கு எட்டும் பணம். ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வையுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு மலைப்பாக இருக்கும், தேவையும் இல்லை. ஆட்டோ ஒரு மாதம் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள். வாடகை, டியூ, கடன் வட்டி 600, மளிகை பால் சுமார் 6,500, கரண்ட் கேஸ் 1,200 என்று தவிர்க்க முடியாதவை 18,100 வரும். உங்கள் சம்பளம் 10,000 போக 8,100 துண்டு விழும். அதோடு மெக்கானிக் பில்லோ மருந்துச் செலவோ ஆறேழாயிரம் சேரும். 15,000 ரூபாய்தான் உங்கள் இலக்கு. இதில் முதல் 5,000-ஐ உடனே சேர்த்துவிடுங்கள். கடனை அடைத்த பிறகு மீதி 10,000.

இதைத் தினப்படி செலவுக்கான கணக்கில் வைக்காதீர்கள். 500 ரூபாயில் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, போனில் ஜிபே எதனுடனும் இணைக்காமல் விடுங்கள். தபால் அலுவலக ஆர்.டி. இதற்குச் சரிப்படாது, மூன்று வருடம் முடியாமல் அதை மூட முடியாது. சீட்டும் அப்படித்தான். உங்கள் முறை வருவதற்குள் பணம் வேண்டுமென்றால் தள்ளி எடுத்து நஷ்டப்பட வேண்டும்.

இன்சூரன்ஸை மட்டும் இந்த மாதமே முடித்துவிடுங்கள். பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்துக்கு வருடம் 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 50 வயது வரை சேரலாம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பணம் வரும். சுரக்ஷா திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய், விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமுற்றாலோ 2 லட்சம். இருவருக்கும் இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்கு 912 ரூபாய். பென்ஷனுக்கு ஒரே மாதத்தில் கட்டும் தொகைதான் ஏறக்குறைய இது.

இதில் பெரும்பாலும் கோளாறு நடப்பது மே மாதக் கடைசியில். அடுத்த வருடத்துக்கான பிரீமியம் அப்போதுதான் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும். அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லையென்றால் பாலிசி சத்தமில்லாமல் நின்றுவிடும். ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக் என்ட்ரி போட்டு 436-ம் 20-ம் கழிந்திருக்கிறதா என்று இருவர் கணக்கிலும் பாருங்கள். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வங்கிக் கிளையில் இந்த இன்சூரன்ஸ் இருக்கிறது என்பது உங்கள் அம்மா வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ தெரிந்திருக்கட்டும். விவரம் தெரியாமலேயே கேட்காமல் விடும் குடும்பங்கள் உண்டு.

அடுத்து, ஆட்டோவின் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள். ஆர்.சி. உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருந்து, லைசென்ஸும் நடப்பில் இருந்தால், அதில் ஓனர் டிரைவருக்கான தனிநபர் விபத்துக் காப்பு, பி.ஏ. என்று போட்டிருக்கும், 15 லட்சத்துக்கு இருக்க வேண்டும். வண்டி உரிமையாளருக்கு இது கட்டாயம். பிரீமியத்தைக் குறைக்க இதை விட்டுவிட்டு தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால், புதுப்பிக்கும்போது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்துக்கு உங்கள் சம்பளச் சீட்டுதான் வழி. கடையில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்தால், 21,000 வரை சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் முதலாளி இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 75 ரூபாய், கடை கட்டுவது 325. இதைப் பலர் தனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். கணவர், பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் இதில் சிகிச்சை உண்டு. ஆட்டோ ஓட்டும் உங்கள் வீட்டுக்காரர் உங்கள் கார்டில் மதுரை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு மட்டும், குறிப்பிட்ட காலம் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். குடும்பத்தார் பெயர்கள் உங்கள் பதிவில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்தம் இல்லாமல் முழுதாகக் கையில் தருகிறார்கள் என்றால் உங்களைப் பதியவே இல்லை என்று பொருள். முதலில் கடையில் கேளுங்கள், மழுப்பினால் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் குடும்ப வருமானம் அதைத் தாண்டுகிறது. இ.எஸ்.ஐ. இல்லையென்றால் அரசு இராசாசி மருத்துவமனையைத்தான் நம்ப வேண்டியிருக்கும், அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் விடாமல் கேட்கச் சொல்கிறேன்.

இப்போது மாதக் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் கிடைக்கும் 6,000-ல் இன்சூரன்ஸ் 912 போக 5,088 தபால் கணக்குக்கு. நான்காம் மாதத்திலிருந்து 2,000-ஐ அப்படியே கடன் அசலுக்குக் கட்டுங்கள். அசல் குறையக் குறைய மிஞ்சும் வட்டியையும் அதிலேயே போட்டால் ஒன்பது மாதத்தில் அடையும். கடன் கொடுத்தவர் அசலைப் பகுதி பகுதியாக வாங்க மறுப்பதுண்டு. அப்போது ஒரு நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ அடகு வைத்து இவர் கடனை முழுதாக அடைத்துவிடுங்கள். அங்கே வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். 600 கட்டும் இடத்தில் சுமார் 200. நகையை மீட்கும் வரை அந்த 2,000 வேறெங்கும் போகக்கூடாது.

கடன் முடிந்ததும் மாதம் 2,600 கையில் நிற்கும். நான்கு மாதத்தில் தபால் கணக்கு 15,000-ஐத் தொட்டுவிடும். மொத்தம் பதினாறு மாதம். அப்போது உங்களுக்கு 36 வயது, அடல் பென்ஷனுக்கு 902-க்குப் பதில் 990 ஆகும். தள்ளிப்போட்டதன் விலை மாதம் 88 ரூபாய். இப்போது அந்த மூணு வட்டிக்குப் போவது மாதம் 600. சேரும் வயது வரம்பு 40 என்பதால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. 990 அப்போதும் பாரமாகத் தெரிந்தால் குறைந்த பென்ஷனில் சேருங்கள், தொகையை வருடத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொள்ளலாம். கடையில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்பதையும் அதற்குள் விசாரித்து வையுங்கள். பிடித்தால் உங்கள் ஓய்வுக்காலப் பணம் ஏற்கெனவே சேர ஆரம்பித்துவிட்டது, பென்ஷனை இன்னும் நிதானமாக முடிவு செய்யலாம்.