பட்ஜெட் டேப்லெட்டா, போனா: கேம் விளையாட எது பொருந்தும்?

"பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு கேம் விளையாட 13,000 ரூபாய்க்குள் டேப் வாங்கலாமா, போனே வாங்கிவிடலாமா? பெரிய திரை இருந்தால் நன்றாக விளையாடலாம் என்கிறான். கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

உங்கள் மகன் எந்த விளையாட்டை, எப்படிப் பிடித்து விளையாடுகிறான் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்கு விடை சொல்ல இயலாது. பிஜிஎம்ஐ போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்றால் இந்த விலையில் போனே நல்லது. சதுரங்கம், மைன்கிராஃப்ட், கேரம் போன்றவை என்றால் டேப்லெட் நல்லது. இதை நான் 12,500 ரூபாய் செலவழித்துக் கற்றுக்கொண்டேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் அக்கா குடும்பம் இருக்கிறது. அக்கா மகன் பிஜிஎம்ஐ ஆடுபவன். அவனுடைய பழைய போனில் திரை உடைந்துவிட்டதால், பிறந்த நாளுக்கு நானே ஒரு பத்து அங்குல டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். கடையில் விற்பனையாளர் கருவியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். படம் உடனே நிமிர்ந்தும் படுத்தும் மாறியது. "எல்லா சென்சாரும் இருக்குதுங்க சார்" என்றார். எனக்கும் அது போதுமான சான்றாகத் தோன்றியது. அன்று மாலையே பையன் வந்து நின்றான். "மாமா, டேப்பைச் சாய்ச்சா குறி நகரவே மாட்டேங்குது."

கருவி திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப் என்ற சென்சார் அந்த டேப்லெட்டில் இல்லை. விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் இருக்காது. துப்பாக்கிச் சண்டை ஆடும் பிள்ளைகள் குறி வைக்கும்போது விரலால் திரையை இழுப்பதைவிடக் கருவியையே இம்மியளவு சாய்த்துக் குறியைச் சரிசெய்யப் பழகியிருப்பார்கள். சுடும்போது துப்பாக்கி மேலே எகிறுவதை அடக்குவதும் பெரும்பாலும் அப்படித்தான். மாதக்கணக்கில் கை பழகிய பிறகு அது இல்லாமல் ஆடச் சொல்வது, வலக்கையால் எழுதுபவனை இடக்கையால் எழுதச் சொல்வதற்குச் சமம். ஆகவே முதலில் உங்கள் மகனின் தற்போதைய போனில் பிஜிஎம்ஐ அமைப்புகளுக்குள் சென்று Gyroscope என்ற இடத்தைப் பாருங்கள். Always On அல்லது Scope On என்று இருந்தால், கைரோஸ்கோப் இல்லாத எந்தக் கருவியும் அவனுக்குப் பயன்படாது.

அப்படியானால் கடையில் படம் எப்படித் திரும்பியது என்று நீங்கள் கேட்கலாம். அதைச் செய்வது ஆக்சிலரோமீட்டர் என்ற வேறொரு சென்சார். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அது உணர்கிறது. கருவி நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்பது அதற்கு அதனால் தெரியும். ஆனால் கருவியை மேசைமேல் தட்டையாக வைத்து, தட்டைச் சுற்றுவதுபோலச் சுற்றினால், ஈர்ப்பு இழுக்கும் திசை மாறுவதே இல்லை. ஆக்சிலரோமீட்டருக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை நேரடியாக அளப்பது கைரோஸ்கோப் மட்டுமே. எனவே படம் திரும்புவது கைரோஸ்கோப் இருப்பதற்குச் சான்று ஆகாது.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, கடையில் உள்ள காட்சிக் கருவியில் CPU-Z என்ற இலவசச் செயலியை நிறுவச் சொல்லுங்கள். அதில் SENSORS என்ற பக்கத்தைத் திறந்து, gyroscope என்று தொடங்கும் அல்லது அந்தச் சொல்லைக் கொண்ட வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கருவியை மேசைமேல் அசையாமல் வையுங்கள். அந்த வரியின் எண்கள் சுழியத்தை ஒட்டியே நிற்க வேண்டும். பிறகு தட்டைப்போல ஒரு சுற்று சுற்றுங்கள். எண்கள் துள்ளிக் குதித்து மீண்டும் சுழியத்துக்கு வர வேண்டும். பெயரில் virtual என்ற சொல் ஒட்டியிருந்தால் அது உண்மையான சென்சார் அன்று. மற்ற சென்சார்களின் அளவுகளைக் கூட்டிக் கழித்து மென்பொருள் போடும் கணக்கு. அதை நம்பிக் குறி வைத்தால் குறி தாமதமாகவும் தள்ளாடியபடியும் நகரும். கடையில் செயலி நிறுவ மறுத்தால், யூடியூபில் 360 பாகை வீடியோ ஒன்றைப் போட்டு, கருவியை முகத்துக்கு நேரே பிடித்தபடி நீங்கள் இடம் வலமாகத் திரும்பிப் பாருங்கள். காட்சி உங்களோடு சேர்ந்து திரும்பாவிட்டால் ஐயப்பட வேண்டியதுதான். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், தயாரிப்பாளரின் தளத்தில் சென்சார் பட்டியலைப் படியுங்கள். கைரோஸ்கோப் என்று எழுதப்படாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கும் ஒன்றை விளம்பரத்தில் சொல்லாமல் விடும் வியாபாரி அரிது.

அடுத்தது, கருவியின் மூளையான சிப். பெரிய திரைக்கும் பெரிய பேட்டரிக்கும் பணம் போய்விடுவதால், 13,000 ரூபாய் டேப்லெட்டில் கண்ணுக்குத் தெரியாத பாகங்களில்தான் சிக்கனம் செய்கிறார்கள். அதே விலைப் போனில் பெரும்பாலும் ஒரு படி மேலான சிப் கிடைக்கும். சிப்புக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு அலகையும் கோர் என்பார்கள்; அட்டைப்பெட்டியில் "எட்டு கோர்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, மலிவான டேப்லெட்டுகளில் காணப்படும் யூனிசாக் டி606, மீடியாடெக் ஹீலியோ ஜி99 ஆகிய இரண்டும் எட்டு கோர் சிப்கள்தாம். இரண்டிலும் படம் வரையும் பகுதியின் பெயரும் மாலி ஜி57 என்பதே. ஆனால் முன்னதில் அந்தப் பகுதி ஒரு கோர், பின்னதில் இரண்டு. முன்னது 12 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது, பின்னது 6 நானோமீட்டர்; அதனால் அதே வேலைக்குப் பின்னதில் குறைந்த மின்சாரமும் குறைந்த சூடும் ஆகும். ஆகவே பெட்டியில் கோர் எண்ணிக்கையைத் தேடாமல் சிப்பின் முழுப் பெயரைத் தேடுங்கள். ஹீலியோ ஜி99 அளவிலான சிப் உள்ள டேப்லெட் உங்கள் விலைக்குள் தள்ளுபடியில் கிடைத்தால் மட்டும், அதுவும் கைரோஸ்கோப் இருந்தால் மட்டும், என் முதல் பத்தியில் சொன்னதை மறுபரிசீலனை செய்யலாம்.

சிப் வலுவில்லாமல் திரை மட்டும் பெரிதாக இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1920க்கு 1200 புள்ளிகள் கொண்ட டேப்லெட் திரையில் சுமார் 23 லட்சம் புள்ளிகள்; 1600க்கு 720 கொண்ட மலிவுப் போன் திரையில் அதில் சரிபாதி. விளையாட்டுகள் உள்ளுக்குள் குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டி இதைச் சமாளிக்கப் பார்க்கும்; அப்போது பெரிய திரையில் ஓரங்கள் மங்கித் தெரியும். நான் வாங்கிய கருவியில் பிஜிஎம்ஐ-யின் படத்தரத்தை மிகக் குறைவான Smooth-இல் வைத்தாலும், வேகத்தில் நொடிக்கு 40 படம் என்ற Ultra வரைதான் திறந்தது. நொடிக்கு 60 படம் தரும் Extreme அந்தப் பக்கத்தில் கிடைக்கவே இல்லை. வாங்கப்போகும் மாடலை யாரேனும் வைத்திருந்தால், விளையாடிக்கூடப் பார்க்க வேண்டாம். அந்த ஒரு பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னால் போதும்.

ரேம் பற்றி ஒரு வரி: "4+4 ஜிபி" என்று எழுதியிருந்தால் ரேம் 4 ஜிபிதான், மற்ற நான்கு, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய மெதுவான இடம்.

சூட்டைப் பொறுத்தவரை டேப்லெட்டுக்கு ஒரு நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உடல் பெரிது என்பதால் சூடு பரவிவிடுகிறது. எங்கள் ஊர் ஏப்ரல், மே மாத வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் அரை மணி நேரம் ஆடினால், போன் கையில் சுடும், சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டம் திணறும். அதே போனை விடுமுறைக்கு ஏற்காட்டுக்கு எடுத்துப்போனபோது பையன் ஒரு மணி நேரம் ஆடியும் அது திணறவில்லை. அதனால் போன் வாங்கினாலும், கடையின் குளிர்சாதன அறையில் ஐந்து நிமிடம் ஓடியதைக் கண்டு முடிவு செய்யாதீர்கள். அதே ஏற்காட்டுப் பயணத்தில், வைஃபை மட்டும் உள்ள அந்த டேப்லெட்டுக்கு என் போனின் ஹாட்ஸ்பாட்டைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நான் ஏரிக்கரைக்கு நடக்கப் போனால் வீட்டில் விளையாட்டு நின்றுவிடும். சிம் போடும் வசதி வேண்டுமா என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த டேப்லெட் வீணாகவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டோம் என்று கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்ததால், அது பையனின் தங்கைக்குப் போயிற்று. அவள் சதுரங்கம் ஆடுபவள். சதுரங்கப் பலகை திரையின் குறுகிய பக்கத்துக்குள்தான் அடங்க வேண்டும், 6.6 அங்குலப் போனில் அந்தப் பக்கம் 7 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, 10.1 அங்குல டேப்லெட்டில் 13.6 சென்டிமீட்டர். எட்டால் வகுத்தால் போனில் ஒரு கட்டம் 9 மில்லிமீட்டர்கூட இல்லை. டேப்லெட்டில் 17 மில்லிமீட்டர். போனில் நேரக் கட்டுப்பாட்டோடு ஆடும்போது அவள் விரல் அடிக்கடி பக்கத்துக் கட்டத்தில் பட்டுவிடும். குதிரையை வைக்க நினைத்த இடம் ஒன்று, அது போய் நின்ற இடம் வேறொன்று. டேப்லெட்டில் அந்தத் தொல்லை தீர்ந்தது. இதற்கு கைரோஸ்கோப்பும் வேண்டாம், நொடிக்கு 60 படமும் வேண்டாம். அரை கிலோவை நெருங்கும் அதன் எடையும் பொருட்டல்ல, ஏனெனில் அவள் அதை மேசைமேல் தாங்கியில் சாய்த்து வைத்துக்கொள்கிறாள். பையன் அதைக் கையில் தூக்கிப் பிடித்து ஆட முயன்ற இரண்டு நாளிலேயே மணிக்கட்டு வலிக்கிறது என்றான். திரையின் நடுப்பகுதிக்குக் கட்டைவிரலும் எட்டவில்லை.

பையனுக்கு அடுத்த மாதம் 13,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினோம். அந்த முறை கடையில் போனை மேசைமேல் வைத்துத் தட்டைப்போலச் சுற்றிப் பார்த்தது அவன்தான்.