சேற்றில் சிக்கிய காரும் ESC OFF பொத்தானும்

"பொள்ளாச்சிப் பக்கம் தோப்புச் சேற்றில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் அடங்கிவிடுகிறது. ESC OFF அமுக்கலாமா?"

அமுக்கலாமுங்க. ESC என்பது கார் வழுக்கித் தடம் மாறாமல் காக்கும் ஏற்பாடு. சக்கரம் வழுக்கிச் சுற்றுவதைப் பார்த்ததும் கார் தானாகவே இஞ்சின் பலத்தைக் குறைத்துவிடும். சேற்றிலோ கொஞ்சம் சுற்றினால்தான் டயர் பட்டன்களில் அப்பிய மண் தெறித்து, பிடி கிடைக்கும். பல கார்களில் லேசாக அமுக்கினால் இந்தப் பலக் குறைப்பு மட்டும் நிற்கும், சில விநாடி அமுக்கிப் பிடித்தால் தடம் மாறாமல் காப்பதும் சேர்ந்து அணையும். உங்களுக்கு முதலாவதே போதும்.

ஸ்டியரிங்கை நேராக்கி, இரண்டு சக்கரத்துக்கு முன்னாலும் தென்னை மட்டையைத் திணியுங்கள். முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி ஊஞ்சல் மாதிரி ஆட்டுங்கள். மட்டை பின்னால் பறக்கும், அங்கே ஆள் நின்றால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றி, மற்றது அசையாமல் நின்றால் பொத்தானைத் திரும்பப் போட்டுவிடுங்கள். சுற்றும் சக்கரத்தை அதுவே பிரேக் பிடித்து, பலத்தை அடுத்ததற்குத் தள்ளிப் பார்க்கும். கரிசல் காட்டில் நான் இது புரியாமல் மிதித்து மிதித்து, வண்டியின் அடிவயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் டிராக்டர்தான்.

தார் ரோடு ஏறியதும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள்.